ப்ரோப் என்றால் விசாரணையா?

"இங்கிலீஷ் வரணும்னா தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி." தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு காலேஜுக்கு வந்த யாரும் இந்த அறிவுரையிலிருந்து தப்பியிருக்க முடியாது. சொன்னவர் மாமாவாக இருக்கலாம், டியூஷன் சாராக இருக்கலாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த யாரோ ஒரு பெரியவராகக்கூட இருக்கலாம். அறிவுரையில் தப்பே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. பேப்பரில் செய்தி எழுதியிருப்பது ஒரு இங்கிலீஷ், அதற்கு மேலே தலைப்பு போட்டிருப்பது வேறொரு இங்கிலீஷ்.

பையன் அகராதியும் கையுமாக உட்காருகிறான். ஆக்ஸ் என்றால் கோடரி. அமைச்சர் ஏன் 400 ஊழியர்களைக் கோடரியால்...? ஸ்லாம் என்றால் கதவைப் படார் என்று சாத்துவது. எதிர்க்கட்சித் தலைவர் எப்படி பட்ஜெட்டைச் சாத்த முடியும்? ப்ரோப் என்றால் காயத்தின் ஆழம் பார்க்க டாக்டர் உள்ளே விடும் மெல்லிய கம்பி. பிட் என்றால் ஏலத்தில் கேட்கும் விலை. (நம் வகுப்பில் பிட் என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அது வேற பிட். அதற்கு இந்தக் கட்டுரை பொறுப்பல்ல :-) )

நாலு நாள் இப்படிப் போராடியதும் பையனுக்கே பிடிபட்டுவிடும். ஆக்ஸ் என்றால் வேலையை விட்டுத் தூக்குவது அல்லது ஒரு திட்டத்தை ரத்து செய்வது. ஸ்லாம் என்றால் கண்டிப்பது. பிட் என்றால் முயற்சி. ப்ரோப் என்றால் விசாரணை. நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவான். பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். உண்மையான சிக்கல் ஆரம்பிப்பதே அந்த இடத்தில்தான். ப்ரோப் என்பதற்கு எதிரே விசாரணை என்று எழுதி வைத்தால் பாதிதான் சரி. அந்த மீதிப் பாதிக்காக லண்டனில் ஒரு நர்ஸ் கோர்ட் படி ஏறிய கதை இருக்கிறது. அதற்கு முன், இந்தச் சொற்கள் ஏன் வந்தன என்று பார்த்துவிடலாம்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. இடம் போதவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் புழங்கிய ஒருவகை அச்சு இயந்திரத்தில், ஈய எழுத்துக்களைச் சுழலும் உருளையின் மேலேயே நேரடியாகப் பொருத்துவார்கள். உருளை வேகமாகச் சுற்றும்போது எழுத்து பறந்துவிடாமல் பிடித்து வைத்தது, பத்திகளுக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை போன உலோகப் பட்டைகள். ஆகவே தலைப்பு ஒரு பத்தியின் அகலத்தைத் தாண்டிப் போக முடியாது. தாண்டினால் பட்டையை வெட்ட வேண்டும், பட்டையை வெட்டினால் எழுத்து நிற்காது. பிறகு முழுப் பக்கத்தையும் தகடாக வார்க்கும் முறை வந்து அந்தத் தடை போனது. ஒற்றைப் பத்தித் தலைப்பு மட்டும் போகவில்லை. ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு செய்தி வைக்க வேண்டும் என்றால் சின்னச் செய்திக்கு ஒரு பத்திதானே கிடைக்கும்?

அந்த ஒரு பத்திக்குள் தலைப்பு அடங்குமா என்று பார்க்க, கம்ப்யூட்டர் வருவதற்கு முன் சப் எடிட்டர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். அதற்கு ஒரு கணக்கு உண்டு. சின்ன எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு, அதாவது 1. ஒல்லியான எழுத்துக்களான எஃப், எல், ஐ, டி, ஜே ஆகிய ஐந்துக்கும் அரை. (இங்கே டி என்பது டீக்கடையின் டி.) குண்டான எம்முக்கும் டபிள்யூவுக்கும் ஒன்றரை. பெரிய எழுத்துக்குப் பொதுவாக ஒன்றரை. இடைவெளிக்கு அரை என்று வைத்துக்கொள்வோம், சில அலுவலகங்களில் ஒன்று. கூட்டிப் பார்த்து, பத்தியின் கொள்ளளவுக்குள் வந்தால் தலைப்பு பாஸ். அரை மதிப்பு கூடினாலும் வேறு சொல் தேட வேண்டியதுதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். இது கற்பனைச் செய்தி. ஒரு நகராட்சி கட்டிய பாலத்துக்குச் செலவு ஏன் எகிறியது என்று பூர்வாங்கமாகப் பார்த்து அறிக்கை தரும்படி, கவுன்சில் ஒரு பொறியாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. செய்தி அவ்வளவுதான். கொடுத்த இடம் ஒரு பத்தி, இரண்டு வரி, ஒரு வரிக்கு 11 மதிப்பு.

கவுன்சில் என்று ஆரம்பிக்கிறார் சப் எடிட்டர். பெரிய எழுத்து சீ ஒன்றரை, நடுவில் நாலு எழுத்துக்கு நாலு, கடைசியில் ஐயும் எல்லும் அரை அரை. மொத்தம் 6.5. அடுத்து 'ஆர்டர்ஸ்' என்று போட்டால் அதற்கு 6, இடைவெளிக்கு அரை, ஆக 13. முடியாது. ஆர்டர்ஸுக்குப் பதில் 'செட்ஸ்' என்று போடுகிறார், அது 3.5. இப்போது வரி 10.5. முதல் வரி தேறிவிட்டது.

இரண்டாம் வரியில் பாலம் வந்தாக வேண்டும். பிரிட்ஜ் 5.5. கூடவே 'இன்வெஸ்டிகேஷன்' என்று போட்டால் அது மட்டுமே 10.5, இடைவெளியோடு வரி 16.5. நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 'இன்க்வயரி' 6, வரி 12. ஒரே ஒரு மதிப்பு கூடுதல், ஆனாலும் ஃபெயில்தான். ப்ரோப் என்று போடுங்கள். ஐந்து எழுத்து, 5 மதிப்பு. 5.5, அரை, 5, கூட்டினால் 11. கச்சிதம்!

"கவுன்சில் செட்ஸ் / பிரிட்ஜ் ப்ரோப்."

இன்க்வயரி தோற்றதும் ப்ரோப் ஜெயித்ததும் அர்த்தத்தால் இல்லை. ஒரே ஒரு மதிப்பில் தோற்றது, ஜெயித்தது. ஸ்லாம் 4, க்ரிட்டிசைஸ் 7. பிட் 2.5, அட்டெம்ப்ட் 6. ஆக்ஸ் 3, டிஸ்மிஸ் 6.5. தலைப்புச் சொற்களின் முழு ஜாதகமும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இன்னொரு தகுதியும் வேண்டும். நாலு சொல்லையும் பாருங்கள், நாலுமே ஒரே வடிவில் பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் நிற்கும். இடப்பற்றாக்குறையில் ஆர்டிகிளை எடுத்துவிட்டு, இஸ், ஆர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சொற்களை ரயில் பெட்டி மாதிரி கோர்க்கும்போது இந்த இரட்டை வேஷம் ரொம்ப வசதி. சில நேரம் ரயில் தடம் புரண்டுவிடும். 2009ல் ஜப்பானிலிருந்து வரும் ஒரு இங்கிலீஷ் செய்தித் தளம், 1985 ஜப்பான் ஏர்லைன்ஸ் விபத்தில் தந்தையை இழந்த ஒரு வயலின் கலைஞர் இசையில் மலர்ந்து வருகிறார் என்று சொல்ல நினைத்து, "வயலினிஸ்ட் லிங்க்ட் டு ஜால் க்ராஷ் பிளாஸம்ஸ்" என்று தலைப்பிட்டது. கடைசிச் சொல்லை வினையாக எடுத்தால் "மலர்கிறார்". பெயராக எடுத்தால் "க்ராஷ் மலர்களோடு தொடர்புடைய வயலினிஸ்ட்". அதென்ன க்ராஷ் மலர்கள்? படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, இப்படிக் குழம்பிப்போன தலைப்புகளுக்கெல்லாம் 'க்ராஷ் பிளாஸம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. வாசகருக்கு உடனே தெரிந்துவிடும், ஏதோ சரியில்லை என்று. தப்பு என்றே தெரியாத தப்புதான் ஆபத்து.

நம் பாலத்துக்குத் திரும்பிப் போவோம். செய்தியில் என்ன இருந்தது? ஒரு பொறியாளர், பூர்வாங்கமாக, செலவு ஏன் கூடியது என்று பார்க்கப் போகிறார். சிமெண்ட் விலை ஏறியதுதான் காரணம் என்று முடிவாகலாம். தலைப்பில் என்ன மிஞ்சியது? பாலம், ப்ரோப். பூர்வாங்கம் போய்விட்டது, பொறியாளர் போய்விட்டார், செலவும் போய்விட்டது. மறுநாள் காலையில் அந்தப் பாலத்தைக் கட்டிய கான்டிராக்டரின் மகள் ஸ்கூலுக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "உங்கப்பா மேல கேஸாமே?" கேஸ் என்ற சொல் பேப்பரில் எங்குமே இல்லை. ஆனால் பிள்ளைகள் படித்தது அதைத்தான்.

ப்ரோப் என்ற சொல் எதை மறைக்கிறது என்று கேட்டால், கட்டத்தை மறைக்கிறது. எந்தக் கட்டத்தில் இருக்கிறது விஷயம்? புகார் வந்திருக்கிறது, அதில் ஏதாவது உண்மை இருக்குமா என்று பார்க்கிறார்களா? பார்த்துவிட்டார்கள், இந்த ஆள்மேல் சந்தேகப்பட முகாந்திரம் இருக்கிறது என்கிறார்களா? இல்லை, இவர்தான் செய்தார் என்கிறார்களா? முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஒரு மனிதனின் மானமே இருக்கிறது. ப்ரோப் முதல் இரண்டுக்கும் ஒரே சொல். அவசரமாகப் படிப்பவர் காதில் மூன்றாவதாகவும் விழும்.

இங்கிலாந்தில் இது நிஜமாகவே கோர்ட்டுக்குப் போனது. 2000 ஜூன் மாதம் 'தி சன்' பத்திரிகை, 18 மரணங்கள் தொடர்பாக ஒரு நர்ஸ் 'ப்ரோப்' செய்யப்படுகிறார் என்று முதல் பக்கத்தில் போட்டது. அவர் வீடுகளுக்குப் போய், குணமாக வாய்ப்பில்லாத குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். சொல்லின் கொடூரத்தைக் கவனியுங்கள். வழக்கமாக ஒரு சம்பவத்தைத்தான் ப்ரோப் செய்வார்கள், இங்கே ஆளையே ப்ரோப் செய்கிறார்கள். போலீஸ் பார்த்தது. அவர்மேல் குற்ற வழக்கு எதுவும் வரவில்லை. அவர் பத்திரிகைமேல் அவதூறு வழக்குப் போட்டார்.

2002 டிசம்பரில் அப்பீல் கோர்ட் தீர்ப்பு வந்தது. இப்படிப்பட்ட செய்திகளுக்கு மூன்று நிலை அர்த்தம் இருக்கலாம் என்று நீதிபதி ப்ரூக் பிரித்து வைத்தார். ஒன்று, இவர் குற்றம் செய்தவர். இரண்டு, இவர் செய்திருப்பார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருக்கிறது. மூன்று, இவர் செய்தாரா என்று விசாரித்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. இன்றைக்கும் லண்டனில் அவதூறு வழக்கு என்றால் வக்கீல்கள் முதலில் மோதிக்கொள்வது, இது ஒன்றா, இரண்டா, மூன்றா என்றுதான். இந்த நிலைகளை அந்த வழக்கின் பெயராலேயே அழைக்கிறார்கள்.

இது வெறும் வார்த்தை ஆராய்ச்சி இல்லை. எந்த நிலை என்பதைப் பொறுத்துப் பத்திரிகை நிரூபிக்க வேண்டியதும் மாறிவிடும். செய்தி இரண்டாம் நிலையில் இருந்தால், "யாரோ புகார் கொடுத்தார்கள்" என்று காட்டினால் மட்டும் போதாது. சந்தேகப்படும்படி அந்த ஆள் என்ன செய்தார் என்று காட்ட வேண்டும். அந்த வழக்கில் பத்திரிகை பெரும்பாலும் சாய்ந்திருந்தது மற்றவர்கள் சொன்ன புகாரின்மேல். அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது ஆதாரம் ஆகாது என்று கோர்ட் அந்த வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. சப் எடிட்டரின் கணக்கில் ப்ரோப் 5 மதிப்புதான், கோர்ட்டில் அதன் எடையே வேறு.

இந்த இடத்தில் நியாயமான ஒரு எதிர்க்கேள்வி வரும். "தலைப்பை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வந்தால் தப்பு படிப்பவருடையதுதானே? உள்ளே எல்லாம் விவரமாகப் போட்டிருக்கே?" சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. 1995ல் பிரிட்டனின் உச்ச தீர்ப்பு மன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபையில் ஒரு வழக்கு. ஒரு டிவி தொடரின் நடிகர் நடிகையின் முகங்களை ஆபாசப் படங்களோடு ஒட்டி ஒரு ஞாயிறு பத்திரிகை வெளியிட்டது. தலைப்பும் படமும் ஒரு மாதிரி. கீழே கட்டுரையைப் படித்தால், யாரோ இப்படி ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்திருக்கிறார்கள், பாவம் இவர்கள் என்று இருக்கும். நடிகர்கள் தோற்றார்கள். சாதாரண வாசகர் முழுவதையும் படிப்பவர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், தலைப்பை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்து வழக்காட முடியாது என்பது தீர்ப்பு. கூடவே நீதிபதி நிக்கல்ஸ் ஒரு எச்சரிக்கையும் வைத்தார். யாரும் போகாத ஏதோ ஒரு பக்கத்தில் விளக்கத்தை ஒளித்து வைத்துவிட்டுத் தப்பித்துவிடலாம் என்று பத்திரிகைகள் நினைக்கக் கூடாதாம்.

சட்டத்தின் சாதாரண வாசகர் பெரிய பொறுமைசாலி. நிஜ வாசகர் எப்படி என்று 1981ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் சோதித்தார்கள். ஒரு ஆளைப் பற்றி நேரடியாகக் குற்றம் சொல்லும் தலைப்பைச் சிலருக்குக் காட்டினார்கள். அதையே "இவர் செய்தாரா?" என்று கேள்வியாக மாற்றி வேறு சிலருக்குக் காட்டினார்கள். கேள்வியைப் படித்தவர்களுக்கும் அந்த ஆளைப் பற்றிய எண்ணம் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கெட்டுப்போனது. கேள்விக்குறிக்கே இந்த மரியாதை என்றால், கேள்விக்குறிகூட இல்லாத ப்ரோப்புக்கு என்ன ஆகும்?

நம்மூரில் இன்னும் மோசம் என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டிக்கடை வாசலில் தொங்கும் போஸ்டரை நினைத்துப் பாருங்கள். அதில் தலைப்பு மட்டும்தான், உள்ளே என்பதே கிடையாது. பஸ்ஸில் போகிறவர் ஜன்னல் வழியாகப் படித்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இன்னொருவரிடம் சொல்லிவிடுவார்.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. ஏஜென்சி செய்தியில் ப்ரோப் என்று வந்தால் தமிழ் டெஸ்கில் அது "விசாரணை" ஆகிவிடும். விசாரணை என்ற சொல்லோ ஏற்கெனவே சுமைதாங்கி. துறை அதிகாரி விளக்கம் கேட்டாலும் விசாரணைதான், போலீஸ் துப்பறிந்தாலும் விசாரணைதான், ஸ்டேஷனில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டாலும் விசாரணைதான், கோர்ட்டில் சாட்சிகளை விசாரித்தாலும் விசாரணைதான். சட்டத்தில் இவை ஒன்றல்ல. 1973ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்க்வயரியையும் இன்வெஸ்டிகேஷனையும் தனித்தனியாக வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. கோர்ட்டுத் தமிழில் "புலன்விசாரணை" என்று அழகாகப் பிரித்துச் சொல்வார்கள். ஆனால் அது தலைப்புக்கு நீளம். அங்கேயும் அதே கதைதான்.

"சி.பி.ஐ. ப்ரோப்" என்று படிக்காத நாள் உண்டா? சி.பி.ஐ.க்கு உள்ளே இதற்கு இரண்டு படிகள் இருக்கின்றன. முதல் படி பிரிலிமினரி என்க்வயரி, சுருக்கமாக பி.இ. புகாரில் விஷயம் இருக்கிறதா என்று சரிபார்ப்பது மட்டும்தான் அது. அந்தக் கட்டத்தில் யாரையும் கைது செய்ய முடியாது, ஒன்றும் இல்லை என்று மூடிவிடவும் செய்யலாம். விஷயம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இரண்டாம் படி, ரெகுலர் கேஸ். அதாவது எஃப்.ஐ.ஆர். போட்ட வழக்கு. சர்ச், கைது எல்லாம் அதற்குப் பிறகுதான். லண்டன் நீதிபதி பிரித்த மூன்றாம் நிலையும் இரண்டாம் நிலையும் போலத்தான் ஏறக்குறைய. தலைப்பில் இரண்டும் ஒரே ப்ரோப்.

ஆகவே ப்ரோப்பைப் பார்த்தால் நேராகச் செய்தியின் முதல் இரண்டு பாராவுக்குப் போய் மூன்று விஷயம் தேடலாம். விசாரிப்பது யார்: சொந்தத் துறையா, போலீஸா, கோர்ட் அமைத்த கமிட்டியா? கையில் இருக்கும் காகிதம் என்ன: வெறும் புகாரா, பி.இ.யா, எஃப்.ஐ.ஆரா? விசாரணை எதன்மேல்: ஒரு சம்பவத்தின் மேலா, பெயர் சொல்லப்பட்ட ஒரு ஆளின் மேலா? இந்த மூன்றும் முதல் இரண்டு பாராவில் கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் நிருபருக்கே அது தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

மற்ற மூன்று சொற்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன, கொஞ்சம் சாதுவாக. ஆக்ஸ் என்றால் வெட்டியாகிவிட்டதா, வெட்டலாம் என்று யோசிக்கிறார்களா என்று தெரியாது. 1922ல் பிரிட்டனில் எரிக் கெடஸ் தலைமையிலான கமிட்டி அரசுச் செலவைக் குறைக்கச் சொன்னபோது அதற்குக் 'கெடஸ் ஆக்ஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. 1963ல் ரயில்வே தலைவர் பீச்சிங் கொடுத்த அறிக்கைக்கு 'பீச்சிங் ஆக்ஸ்'. இரண்டாயிரத்து முன்னூறுக்கும் அதிகமான ஸ்டேஷன்களை மூடச் சொன்ன அறிக்கை அது. ஆனால் அது சிபாரிசுதான். பெரும்பாலானவை மூடப்பட்டன, எதிர்ப்பு கிளம்பிச் சில தப்பித்தன. தப்பித்த ஊர்க்காரர்களும் அன்றைக்குப் பேப்பரைப் பார்த்துப் பதறியிருப்பார்கள். தலைப்பில் 'ஃபேஸஸ் ஆக்ஸ்' என்றிருந்தால் இன்னும் வெட்டவில்லை என்று அர்த்தம். 'ஆக்ஸ்ட்' என்றிருந்தால் போயிற்று.

பிட் என்ற சொல்லில் முடிவு மறைந்திருக்கும். பொதுவாக அது இன்னும் கைகூடாத முயற்சி, அல்லது கைகூடாமலே போன முயற்சி. 'எஸ்கேப் பிட்' என்றால் கைதி பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறான். தப்பித்திருந்தால் நேரடியாக 'எஸ்கேப்ஸ்' என்றே போட்டிருப்பார்கள்.

ஸ்லாம் மறைப்பது குரலின் அளவை. "இதை இன்னும் கொஞ்சம் கவனமாகச் செய்திருக்கலாம்" என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர் சொன்னாலும் ஸ்லாம்தான், சட்டசபையில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கத்தினாலும் ஸ்லாம்தான். தமிழில் நமக்குச் சாடல், காட்டம், பாய்ச்சல், கிடுக்கிப்பிடி என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. லேசாகப் புருவத்தை உயர்த்திய அமைச்சரும் மறுநாள் "காட்டம்" ஆகிவிடுவார். மேற்கோள் குறிக்குள் அவர் நிஜமாக என்ன சொன்னார் என்பதை மட்டும் தேடிப் படித்தால் போதும், காட்டத்தில் முக்கால்வாசி ஆவியாகிவிடும்.

ஒன்று மட்டும் விளங்காத புதிர். இன்றைக்குப் பெரும்பாலோர் செய்தி படிப்பது செல்போனில். அங்கே ஒற்றைப் பத்தி இல்லை, உருளை இல்லை, உலோகப் பட்டை இல்லை. தலைப்பு இரண்டு மூன்று வரிக்குக்கூடத் தாராளமாக ஓடலாம், ஓடவும் செய்கிறது. இன்வெஸ்டிகேஷனுக்கு இடம் இருக்கிறது. "பிரிலிமினரி" என்று சேர்க்கவும் இடம் இருக்கிறது. ஆனாலும் பத்துச் சொல் தலைப்பின் நடுவில் ப்ரோப்பும் ஸ்லாமும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. ஆரம்பத்தில் அவற்றைக் கூப்பிட்டது இடப்பஞ்சம். இப்போது போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது அவற்றின் சத்தம்தான் போலிருக்கிறது. "பிரிட்ஜ் காஸ்ட்: இன்ஜினியர் ஆஸ்க்ட் டு ரிப்போர்ட்" என்று போட்டால் யார் விரல் வைத்துத் திறப்பார்கள்?

அந்தப் பையன் இப்போது நோட்டில் ப்ரோப்புக்கு எதிரே "விசாரணை" என்று எழுதியதை அடித்துவிட்டு, "யாரோ, எதையோ, ஏதோ ஒரு கட்டத்தில் பார்க்கிறார்கள்" என்று எழுதி வைத்திருக்கிறான். டியூஷன் சார் பார்த்துவிட்டு, "என்னடா இது, அர்த்தம் எழுதச் சொன்னா கதை எழுதி வெச்சிருக்க?" என்று கேட்டாராம்.

"இல்ல சார், அகராதில இருக்கிற அந்தக் கம்பி அர்த்தத்தையும் கீழ எழுதியிருக்கேன். காயம் எவ்ளோ ஆழம்னு பார்க்கிறது. பார்க்கும்போதே வலிக்குமாம் சார்."